மூன்றும் தவறு, ஆனால் மூன்றும் சரி!

மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மேலாண்மைத் தத்துவங்கள் பாடம். ஒரு மாணவியின் தாளில், பதினேழாவது கேள்விக்கு வந்ததும் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. கேள்வி இதுதான்:

அதிகார ஒப்படைப்பு பற்றிச் சரியான கூற்று எது?

அ) அதிகாரத்தை ஒப்படைக்கலாம், இறுதியாகப் பதில் சொல்லும் கடமையை ஒருபோதும் ஒப்படைக்க முடியாது.
ஆ) ஒப்படைத்த அதிகாரத்தை ஒருபோதும் திரும்பப் பெற முடியாது.
இ) ஒப்படைப்பு எப்போதும் எழுத்து மூலமே நடக்க வேண்டும்.
ஈ) மேற்கூறிய அனைத்தும்.

அ, ஆ, இ மூன்றின் மேலும் பென்சிலால் மெல்லிய கோடு கிழித்திருந்தார். ஈ-யைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன்.

“மூணும் தப்புன்னு அடிச்சிருக்கே. அப்புறம் மூணும் சரின்னு எப்படிம்மா வட்டம் போட்டே?”

தாளை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கே. “எப்போதும், ஒருபோதும்னு வந்தா அந்த ஆப்ஷனை அடிச்சிடணும்னு சொல்லிக் குடுத்தாங்க சார். அடிச்சேன். மிச்சம் இருந்தது ஈ. ‘அனைத்தும்’னு இருந்தா பெரும்பாலும் அதுதான் விடைன்னும் சொன்னாங்க.”

இரண்டு குறுக்குவழிகள் ஒரே கேள்வியில் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே நியாயமாகத்தான் படும். சேர்ந்து நின்றபோதுதான் தெரிந்தது, அவர் மேலாண்மையைப் பற்றி யோசிக்கவே இல்லை. சொற்களின் முகஜாடையைப் பார்த்து விடை எழுதியிருக்கிறார் என்பது.

இந்தக் குறுக்குவழிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பாடம் தெரியாமலே கேள்வித்தாளின் அமைப்பை வைத்து மதிப்பெண் எடுக்கும் திறமையைப் பற்றி, 1965இல் மில்மன், பிஷப், ஈபெல் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் விரிவாக வகைப்படுத்தி எழுதினார்கள். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்கள் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அந்தப் பட்டியலில் ஒன்று. கேள்வி அமைப்பவர்களுக்கான கையேடுகளும் நெடுங்காலமாக, அத்தகைய சொற்களையும் ‘மேற்கூறிய அனைத்தும்’ என்ற தெரிவையும் தவிர்க்கச் சொல்லி வருகின்றன. ஆக, மாணவர்களுக்குத் தெரிந்த தந்திரம் கேள்வி எழுதுபவர்களுக்கும் தெரியும். அனுபவமுள்ளவர் என்ன செய்வார்? சரியான விடைக்குள்ளேயே ‘ஒருபோதும்’ என்ற சொல்லை வைத்துவிடுவார். மேலே பார்த்த கேள்வி அப்படிப்பட்டதுதான்.

அப்படியென்றால் இந்தச் சொற்களை என்னதான் செய்வது? அவற்றைத் துப்பாகப் பார்க்காமல் வாக்குறுதியாகப் பார்க்க வேண்டும். ‘அனைத்தும்’ என்பவன், ‘என் மேலே இருக்கும் மூன்றும் சரி’ என்று வாக்குக் கொடுக்கிறான். ‘எப்போதும்’ என்பவன், ‘எனக்கு விதிவிலக்கே கிடையாது’ என்று வாக்குக் கொடுக்கிறான். இரண்டுமே பெரிய வாக்குகள். இரண்டையும் சோதிக்கும் வழியும் ஒன்றுதான்: அந்த வாக்கை உடைக்க ஒரே ஓர் எதிருதாரணம் கிடைக்கிறதா?

இரண்டைப் பார்த்தால் போதும்

முதலில் ‘அனைத்தும்’. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரு கூற்று சரியாக இருப்பதால் மற்றவையும் சரி என்று ஆகிவிடாது. இங்கே கணக்கு குடம் பாலில் துளி விஷம். மூன்றில் ஒன்று தவறென்று உறுதியானால் ‘அனைத்தும்’ அந்த நொடியே விழுந்துவிடும்.

இதோடு இன்னொரு நிபந்தனையைச் சேர்த்துப் பாருங்கள்: கேள்விக்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு. அ, ஆ, இ என்று மூன்று கூற்றுகள், நான்காவதாக ‘அனைத்தும்’. ஒரு விடைதான் என்றால் நான்கே நிலைமைகள்தான் இருக்க முடியும். அ மட்டும் சரி. ஆ மட்டும் சரி. இ மட்டும் சரி. அல்லது மூன்றும் சரி. இரண்டு மட்டும் சரியாக இருக்க வழியில்லை, ஏனென்றால் அதைக் குறிக்கத் தாளில் தெரிவே இல்லை.

இதிலிருந்து ஒரு நல்ல வசதி கிடைக்கிறது. மூன்று கூற்றுகளில் ஏதாவது இரண்டை மட்டும் சரியா தவறா என்று தீர்மானித்துவிட்டால் கேள்வி முடிந்துவிடும். இரண்டும் சரியென்றால் விடை ‘அனைத்தும்’. ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் சரியானதே விடை. இரண்டும் தவறென்றால் நீங்கள் பார்க்காமல் விட்ட மூன்றாவதுதான் விடை. மூன்றாவது கூற்று உங்களுக்குச் சுத்தமாகப் புரியாததாக இருந்தாலும் பாதகமில்லை.

ஓர் உதாரணம்:

வரவு செலவுத் திட்டம், அதாவது பட்ஜெட் என்பது
அ) எண்களில் எழுதப்பட்ட திட்டம்
ஆ) கட்டுப்பாட்டுக் கருவி
இ) துறைகளை ஒருங்கிணைக்க உதவும் வழி
ஈ) மேற்கூறிய அனைத்தும்

அடுத்த ஆண்டு இவ்வளவு விற்போம், இவ்வளவு செலவழிப்போம் என்று எண்ணில் எழுதுவதால் பட்ஜெட் ஒரு திட்டம். அ சரி. மாதக் கடைசியில் உண்மைச் செலவை அதே எண்ணோடு ஒப்பிட்டு, எங்கே மீறியது என்று பார்ப்பதால் அது கட்டுப்பாட்டுக் கருவியும் கூட. ஆ சரி. இரண்டு சரி கிடைத்துவிட்டது; ஈ-யைக் குறித்துவிட்டு நகரலாம். ஒருங்கிணைப்பில் பட்ஜெட்டின் பங்கு என்ன என்பதை நினைவுபடுத்த முயன்று ஒரு நிமிடத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. இங்கே ‘அனைத்தும்’ என்பதை நாம் குறித்தது அது பெரும்பாலும் சரி என்பதால் அல்ல. வேறு எதுவும் சரியாக இருக்க முடியாது என்பதால்.

இதே அமைப்பில் இன்னொன்று. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவரது சகாக்களும் பிட்ஸ்பர்க் பகுதியில் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி, 1959இல் வெளியிட்ட இருகாரணிக் கோட்பாடு எல்லாத் தாளிலும் வந்துவிடும். அதன்படி சில விஷயங்கள் குறைந்தால் ஊழியருக்கு அதிருப்தி வரும். ஆனால் அவை நிறைவாக இருந்தாலும் ஊக்கம் பிறக்காது. அவற்றுக்கு ஹைஜீன் காரணிகள் என்று பெயர். ‘இவற்றுள் ஹைஜீன் காரணி எது? அ) சம்பளம், ஆ) சாதனை உணர்வு, இ) அங்கீகாரம், ஈ) இவை அனைத்தும்’ என்று கேட்டால், மூன்றுமே வேலையில் முக்கியமானவைதானே என்று கை ஈ-க்குப் போகும். இங்கே சம்பளம் ஹைஜீன் பக்கம் என்பதும், சாதனை உணர்வு ஊக்கும் பக்கம் என்பதும் தெரிந்தால் போதும். ஒன்று சரி, ஒன்று தவறு, விடை அ. அங்கீகாரம் எந்தப் பக்கம் என்று குழம்பினாலும் விடை மாறாது.

எந்த இரண்டைத் தேர்ந்தெடுப்பது? உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த கூற்றையும், படித்ததும் உறுத்திய கூற்றையும். வரிசைப்படி அ-விலிருந்து தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

கூற்று சரி, விடை தவறு

இந்த முறையில் மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கூற்று உண்மையா என்று பார்ப்பார்கள். கேள்விக்கு அது விடையா என்று பார்க்க மாட்டார்கள்.

‘கட்டுப்படுத்தும் செயல்முறையின் முதல் படி எது? அ) தரநிலைகளை வகுத்தல், ஆ) செயல்பாட்டை அளத்தல், இ) திருத்த நடவடிக்கை எடுத்தல், ஈ) மேற்கூறிய அனைத்தும்.’ மூன்றும் கட்டுப்படுத்தும் செயல்முறையின் படிகள்தான். பாடப்புத்தகத்தில் மூன்றையும் பார்த்த ஞாபகம் பளிச்சென்று வரும். ‘இரண்டு சரி, எனவே அனைத்தும்’ என்று நம் விதியையே பிரயோகித்து ஈ-யில் விழுந்துவிடலாம். ஆனால் கேட்டது முதல் படி. எதை வைத்து அளப்பது என்ற தரநிலை இல்லாமல் அளக்க முடியாது. அளக்காமல் திருத்த முடியாது. விடை அ.

ஆகவே ஒவ்வொரு தெரிவையும் கேள்வியோடு ஒட்டி, ஒரு முழு வாக்கியமாக மனதுக்குள் வாசிக்க வேண்டும். ‘கட்டுப்படுத்தும் செயல்முறையின் முதல் படி, திருத்த நடவடிக்கை எடுத்தல்’ என்று வாசித்துப் பார்த்தால் அதன் தவறு காதிலேயே விழுந்துவிடும். ‘முதல்’, ‘முதன்மையான’, ‘மிகப் பொருத்தமான’, ‘அல்லாதது’ என்ற சொற்கள் கேள்வியில் இருந்தால், அவற்றின் கீழே ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் தெரிவுகளைப் பார்க்க வேண்டும். முதல் படி ஒன்றுதான் இருக்க முடியும். அதைக் கேட்கும் கேள்வியில் ‘அனைத்தும்’ பிறக்கும்போதே செத்த விடை.

வரையறையா, உலகமா?

அடுத்தது ‘எப்போதும்’ கூட்டம். எப்போதும், ஒருபோதும், மட்டுமே, எல்லா, எந்தச் சூழலிலும், முற்றிலும், கட்டாயம். இவை வந்தால் அடித்துவிடு என்ற விதி மேலாண்மைப் பாடத்தில் ஓரளவு பலிக்கிறது. ஏன் பலிக்கிறது என்று புரிந்தால்தான் எங்கே பலிக்காது என்பதும் புரியும்.

மேலாண்மையில் இரண்டு வகைக் கூற்றுகள் உண்டு. ஒரு வகை, உலகில் என்ன நடக்கிறது, எப்படிச் செய்தால் நல்லது என்று சொல்பவை. சர்வாதிகாரத் தலைமை நல்லதா, ஒருவருக்குக் கீழே எத்தனை பேர் இருக்கலாம், அதிகாரத்தை மையப்படுத்தலாமா என்பவை. இவற்றுக்கெல்லாம் தொழில், ஆட்கள், சூழல் ஆகியவற்றைப் பொறுத்துத்தான் பதில் அமையும். 1960களில் எழுந்த சூழல்சார் அணுகுமுறை இதைத்தான் பாடமாகவே ஆக்கியது. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு ‘இந்தத் தலைமை முறையே எப்போதும் சிறந்தது’ என்ற கூற்றைச் சரியென்று குறிக்க முடியாது.

கட்டுப்பாட்டு வீச்சை எடுத்துக்கொள்வோம். ஒரு மேலாளர் நேரடியாக எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அது. ‘குறுகிய வீச்சே எப்போதும் திறமையானது’ என்று ஒரு தெரிவு வருகிறது. எதிருதாரணம் உண்டா? பிரிட்டனில் ஜோன் வுட்வர்ட் 1950களில் தெற்கு எசெக்ஸ் பகுதியில் 100 தொழில் நிறுவனங்களை ஆராய்ந்தார். பெருந்தொகை உற்பத்தி செய்யும் ஆலைகளில் முதல்நிலை மேற்பார்வையாளருக்குக் கீழே வழக்கமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். எண்ணெய், ரசாயனம் போலத் தொடர் ஓட்டமாக நடக்கும் உற்பத்தியில் அந்த எண்ணிக்கை மிகவும் குறைவு. அந்தந்தத் தொழில்நுட்பத்துக்கு ஏற்ற வீச்சை வைத்திருந்த நிறுவனங்களே நன்றாக நடந்தன. ‘எப்போதும்’ உடைந்தது.

ஐந்து அல்லது ஆறு பேருக்கு மேல் கூடாது என்று சொன்ன லிண்டல் உர்விக் கூட ஒரு நிபந்தனையோடுதான் சொன்னார்: யாருடைய வேலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவோ, அவர்களுக்கு அந்த எல்லை. நிபந்தனையை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் வைத்து ‘எல்லா நிறுவனங்களிலும் 6 பேருக்கு மேல் கூடாது’ என்று எழுதினால், பார்க்க உர்விக் போலவே இருக்கும். ஆனால் தவறான தெரிவாகிவிடும். தவறான தெரிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் தயாராகின்றன. பாடப்புத்தகத்தின் நல்ல வாக்கியம் ஒன்றிலிருந்து ‘பொதுவாக’, ‘வேலையைப் பொறுத்து’ என்பதை உருவிவிட்டு ‘எப்போதும்’ என்பதைச் செருகுவார்கள்.

இரண்டாவது வகை, வரையறைகள். இவை உலகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்கின்றன. ஹென்றி ஃபயோல் 1916இல் வெளியிட்ட நூலில் உள்ள 14 கோட்பாடுகளில் கட்டளை ஒருமை ஒன்று. ‘ஓர் ஊழியர் ஒரே ஒரு மேலதிகாரியிடமிருந்து மட்டுமே கட்டளை பெற வேண்டும் என்பது கட்டளை ஒருமை’ என்று ஒரு தெரிவு இருந்தால், அதில் ‘மட்டுமே’ இருக்கிறது. அடித்துவிடலாமா? அந்த ‘மட்டுமே’யை எடுத்துவிட்டால் கட்டளை ஒருமை என்ற கருத்தே இல்லாமல் போய்விடும். இன்றைய மேட்ரிக்ஸ் அமைப்பில் ஒருவருக்கு இரண்டு அதிகாரிகள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அங்கே கட்டளை ஒருமை மீறப்படுகிறது என்றுதான் சொல்வோமே தவிர, கட்டளை ஒருமையின் பொருள் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். வரையறைக்கு உலகத்திலிருந்து எதிருதாரணம் கொண்டுவர முடியாது.

எனவே கடுமையான சொல்லைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த வாக்கியம் வரையறையா, உலகத்தைப் பற்றிய பேச்சா? உலகத்தைப் பற்றியது என்றால் எதிருதாரணம் தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். வரையறை என்றால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வாசியுங்கள். கருத்து குலைந்தால் அந்தச் சொல் அங்கே இருக்க வேண்டியதுதான்.

ஃபயோலிடமே இரண்டு வகைக்கும் உதாரணம் கிடைப்பது சுவாரஸ்யம். படிநிலைத் தொடர் என்ற கோட்பாட்டில் செய்தி மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் போக வேண்டும் என்கிறார். உடனே ஒரு கேள்வித்தாள், ‘ஃபயோலின்படி தகவல் எப்போதும் படிநிலைத் தொடர் வழியாகவே செல்ல வேண்டும்’ என்று ஒரு தெரிவை நீட்டும். ஆனால் ஃபயோல் தன் விளக்கப்படத்தில் ஓர் ஏணியின் இரு பக்கங்களிலும் ஆட்களை நிறுத்தி, ஒரு பக்கத்தில் எஃப், எதிர்ப்பக்கத்தில் அதே மட்டத்தில் பி என்று வைக்கிறார். எஃப், உச்சிவரை ஏறி மறுபக்கம் இறங்கி பி-யை அடைய 10 படிகள் கடக்க வேண்டும். அவசரத்துக்கு இது ஆகாது. அதனால் இருவருக்கும் நடுவே கேங் பிளாங்க் என்ற குறுக்குப் பலகையைப் போட்டு நேரடியாகப் பேசிக்கொள்ளலாம், அவரவர் மேலதிகாரிகளின் அனுமதியும் அவர்களுக்குத் தகவலும் இருந்தால் போதும் என்கிறார். கோட்பாட்டை எழுதியவரே விதிவிலக்கையும் எழுதி வைத்திருக்கிறார். மேலாண்மை விஷயங்களில் இறுக்கமான, முழுமுதலான விதி என்று ஏதுமில்லை, எல்லாம் அளவைப் பொறுத்தது என்பது அந்த நூலில் கோட்பாடுகளைத் தொடங்கும்போதே அவர் விடுக்கும் எச்சரிக்கை. அதைப் படித்தவருக்கு ‘எப்போதும்’ என்ற சொல்லை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓர் ‘ஏ’ செய்யும் வேலை

தமிழில் தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக நிற்கும் ‘மட்டும்’ என்ற பொருள், தமிழில் ஒரு சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் போய்விடலாம். ‘திட்டமிடல் உயர்மட்ட மேலாளர்களின் பணி’ என்பதும் ‘திட்டமிடல் உயர்மட்ட மேலாளர்களின் பணியே’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது சரியாக இருக்கலாம். இரண்டாவதில் உள்ள ‘ஏ’, வேறு யாரும் திட்டமிடுவதில்லை என்று சொன்னால், கீழ்மட்டத்தில் நாளைய ஷிப்டுக்கு ஆள் ஒதுக்கும் மேற்பார்வையாளரே அதற்கு எதிருதாரணம். ஆனால் அந்த ‘ஏ’ வெறும் அழுத்தத்துக்காக வந்திருக்கவும் கூடும். தமிழில் நாம் அப்படியும் எழுதுகிறோம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அச்சாகும் தாளாக இருந்தால், இந்த இடத்தில் ஆங்கில வரியை ஒரு முறை பார்ப்பது நல்லது. அங்கே ‘ஒன்லி’ இருக்கிறதா இல்லையா என்பது சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

இன்னொரு ‘மட்டும்’ இருக்கிறது. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. யுஜிசி நெட் போன்ற தேர்வுகளில் ஐந்து கூற்றுகளைக் கொடுத்துவிட்டு, விடையாகச் சேர்க்கைகளைத் தருகிறார்கள். இப்படி:

ஃபயோலின் கோட்பாடுகள் எவை?
ஏ. கட்டளை ஒருமை
பி. படிநிலைத் தொடர்
சி. திட்டமிடுவதையும் செய்வதையும் பிரித்தல்
டி. குழு உணர்வு
இ. வேறுபடும் துண்டுவீதக் கூலி

1) ஏ, பி, சி மட்டும்
2) ஏ, பி, டி மட்டும்
3) பி, சி, இ மட்டும்
4) ஏ, டி, இ மட்டும்

இங்கே ‘மட்டும்’ என்பது பட்டியலை மூடும் தாழ்ப்பாள். அது கடுமையான சொல் அல்ல. நான்கு தெரிவுகளிலும் இருப்பதால் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் ‘அனைத்தும்’ கேள்விக்குப் பயன்பட்ட அதே தர்க்கம் இங்கேயும் செல்லும். தவறென்று உறுதியான ஒரு கூற்றைக் கண்டுபிடித்து, அது இருக்கும் தெரிவுகளை எல்லாம் நீக்க வேண்டும். வேறுபடும் துண்டுவீதக் கூலி ஃபிரெடரிக் டெய்லருடையது, ஃபயோலுடையது அல்ல. 3-உம் 4-உம் போயின. திட்டமிடுவதையும் செய்வதையும் பிரித்ததும் டெய்லரே. 1-உம் போனது. விடை 2. குழு உணர்வு என்பது ஃபயோலின் பதினான்காவது கோட்பாடு என்று ஞாபகம் இல்லாதவருக்கும் விடை கிடைத்துவிட்டது.

எங்கே நின்றுவிட வேண்டும்

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. ‘அ மற்றும் ஆ இரண்டும்’ என்று ஒரு தெரிவு கூடவே வந்தால், இரண்டைப் பார்த்தால் போதும் என்ற கணக்கு மாறிவிடும். அங்கே அ, ஆ இரண்டும் சரியென்று தெரிந்த பிறகும் இ-யைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டு மட்டும் சரியாக இருக்கும் நிலைமைக்கும் தாளில் இடம் வந்துவிட்டது. ‘எதுவுமில்லை’ என்ற தெரிவு இருந்தாலும் அப்படித்தான். இரண்டும் தவறென்று கண்டவுடன் மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்க முடியாது.

சில சமயம் கேள்வியே கோணலாக இருக்கும். இரண்டு கூற்றுகள் சந்தேகமில்லாமல் சரி, ‘அனைத்தும்’ என்ற தெரிவோ சேர்க்கையோ இல்லை என்றால், முதலில் கேள்வியை மறுபடி வாசியுங்கள். ‘முதன்மையான’ என்பது போன்ற சொல் ஒன்றைத் தவறவிட்டிருப்பீர்கள். அப்படியும் இல்லையென்றால் கேள்வியில்தான் பிழை. தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் தேர்வுகளில், ‘எனக்கு அப்படித் தோன்றியது’ என்று எழுதினால் எடுபடாது. எந்தக் கூற்று ஏன் சரி என்று பாடநூல் ஆதாரத்தோடு எழுத வேண்டும். காரணத்தோடு விடை குறித்தவருக்கு அதை எழுதுவது சுலபம்.

எதுவுமே முழுதாகத் தெரியாத நேரமும் வரும். மூன்றில் ஒன்று மட்டும் சரியென்று உறுதி, மற்ற இரண்டும் புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விடை அந்த ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது ‘அனைத்தும்’ ஆக இருக்க வேண்டும். நான்கு இரண்டாகிவிட்டது. சரிக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 குறைப்பு என்று வைத்துப் பாருங்கள். நான்கில் ஒன்றைக் கண்மூடிக் குறித்தால் நீண்டகாலச் சராசரி பூஜ்யம். இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக ஒரு மதிப்பெண் லாபம். பாதியறிவுக்கும் விலை உண்டு. ஆனால் அந்தப் பாதி உண்மையாகவே தெரிந்ததாக இருக்க வேண்டும்.

அந்த மாணவியோடு பதினேழாவது கேள்விக்குத் திரும்பினோம். பென்சில் கோடுகளை அழிக்கச் சொன்னேன்.

“ஆ-வைப் பாரு. ஒப்படைச்ச அதிகாரத்தைத் திரும்ப வாங்கவே முடியாதா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க அப்பா ஆபீஸ்ல மேனேஜர் லீவு போனா, பில்லுல கையெழுத்துப் போடற பவரை அப்பாகிட்ட குடுத்துட்டுப் போவார். வந்ததும் அவரே போடுவார்.”

“அப்போ?”

“ஆ தப்பு. ஈ-யும் சேர்ந்து போச்சு சார்.”

“இ?”

“அந்த பவரைக் கூட சில தடவை வாயாலதான் சொல்லிட்டுப் போவார்.” அடித்தார். “மிச்சம் அ. ஆனா அதுலயும் ‘ஒருபோதும்’ இருக்கே சார்?”

“அதை எடுத்துட்டுப் படி. பதில் சொல்ற கடமையையும் சில நேரம் ஒப்படைச்சிடலாம்னு வெச்சுக்கோ. உங்க அப்பா கையெழுத்துப் போட்ட பில்லுல தப்பு வந்தா, தலைமை ஆபீஸ் யாரைக் கேக்கும்?”

“அப்பாவை மேனேஜர் கேப்பார். மேனேஜரை அவங்க கேப்பாங்க.” அவரே தொடர்ந்தார்: “மேனேஜர் ‘நான் அவர்கிட்ட ஒப்படைச்சிட்டேன், எனக்குத் தெரியாது’ன்னு சொன்னா விட மாட்டாங்க. அப்படி விட்டுட்டா அது ஒப்படைப்பே இல்ல, கைகழுவறது.”

பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். அ-வைச் சுற்றி வட்டம் போட்டார். பென்சிலால் அல்ல, பேனாவால்.